வெள்ளி, சனி, ஞாயிறு: நாட்டுக்கு நாடு மாறும் வார விடுமுறையும் வேலைத் திட்டமும் (கேள்வி பதில்)

சென்னையில் இருந்துகொண்டு வளைகுடா நாடுகளோடு வேலை செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் பெரும்பாலும் சென்னை–ரியாத் இணையையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் டாக்காவுக்கும் கெய்ரோவுக்கும் அதையே போட்டுக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ரியாதிலிருந்து போன் வருகிறது. அவர்களுக்கு என்றைக்குத்தான் லீவு?

வெள்ளியும் சனியும். ஞாயிறு அவர்களுக்கு வாரத்தின் முதல் வேலைநாள், வியாழன் கடைசி நாள். குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன், எகிப்து, ஜோர்டான், ஈராக், வங்கதேசம், மாலத்தீவு ஆகிய நாடுகளிலும் இதே வழக்கம்தான்.

ஆனால் இது அரசு அலுவலகங்கள், வங்கிகள், பெரிய நிறுவனங்களின் கணக்கு. சவுதி தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் கொடுக்கிறது. அதனால் தனியார் துறையில் வெள்ளி மட்டும் விடுமுறை, சனிக்கிழமையும் வேலை என்று நடத்துகிற இடங்கள் நிறைய உண்டு. கட்டுமானம், கடை, கிடங்கு போன்றவற்றில் அதுதான் சகஜம். எனவே “சவுதியில் என்றைக்கு லீவு” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “உங்கள் அலுவலகத்தில், அதிலும் நான் பேசப்போகும் பிரிவில் என்றைக்கு லீவு” என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை எப்படி ஓய்வுநாள் ஆனது? குர்ஆன் அப்படிச் சொல்கிறதா?

இல்லை. வெள்ளி நண்பகலில் கூட்டுத் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் குர்ஆனின் 62ஆவது அத்தியாயம் சொல்கிறது. அடுத்த வசனமே, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடுங்கள் என்கிறது. அதாவது, பிழைப்பைப் பார்க்கப் போகலாம். யூதர்களின் சனிக்கிழமை ஓய்வு அப்படிப்பட்டதல்ல. வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை வேலையே கூடாது என்பது அங்கே மதக் கட்டளை. இஸ்ரேலில் வெள்ளி மதியத்துக்குள் ஊர் அடங்குவதும் ஞாயிறு வேலைநாளாக இருப்பதும் அதனால்தான்.

கிறிஸ்தவ உலகத்தின் ஞாயிறு ஓய்வுக்கு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321இல் போட்ட ஆணை பழைய சான்று. இரண்டு நாள் விடுமுறை என்பதோ மிகவும் பிந்தியது, 20ஆம் நூற்றாண்டுத் தொழிற்சாலைகளின் காலத்தது. ஃபோர்டு கார் நிறுவனம் 1926இல் ஐந்து நாள் வேலை வாரத்துக்கு மாறியதை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்.

குழப்பத்தின் வேர் இந்த இரண்டாவது நாளில்தான் இருக்கிறது. முதல் நாளை மதமும் மரபும் முடிவு செய்துவிட்டன. இரண்டாவது நாளை எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதை அரசுகள்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வெள்ளிக்கு முன்னால் வியாழனைச் சேர்த்தால் ஒரு வாரம், பின்னால் சனியைச் சேர்த்தால் வேறொரு வாரம். முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளே ஒரே முடிவுக்கு வரவில்லை. துருக்கி 1935இலேயே வெள்ளியை விட்டு ஞாயிறுக்கு மாறியது. பாகிஸ்தான் 1977இல் வெள்ளியை விடுமுறையாக்கி, 1997இல் மீண்டும் ஞாயிறுக்குத் திரும்பியது. இந்தோனேசியாவும் மொராக்கோவும் சனி, ஞாயிறுதான்.

பழைய ஆட்கள் “சவுதியில் வியாழன், வெள்ளி லீவு” என்கிறார்களே, அது தவறா?

அவர்கள் சொல்வது 2013 வரைக்கும் சரி. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் மன்னர் அப்துல்லாவின் ஆணைப்படி விடுமுறை வெள்ளி, சனிக்கு நகர்ந்தது. கத்தார், பஹ்ரைன், குவைத், அமீரகம் எல்லாம் ஏற்கெனவே மாறியிருந்தன. ஓமன் சவுதிக்கு இரண்டு மாதம் முன்புதான், மே மாதத் தொடக்கத்தில் மாறியது. வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் ஆறு நாடுகளில் கடைசியாக மாறியது சவுதி.

காரணம் பொருளாதாரம். விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். அன்றைய சவுதி வாரம் சனி முதல் புதன் வரை. லண்டனும் நியூயார்க்கும் திங்கள் முதல் வெள்ளி வரை. இரண்டு பக்கமும் அலுவலகத்தில் இருக்கிற நாட்கள் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்றே மூன்று. வியாழன், வெள்ளி இவர்கள் இல்லை, சனி, ஞாயிறு அவர்கள் இல்லை. தொடர்ந்து நான்கு நாள் பேச்சே கிடையாது. ஒரு நாளை நகர்த்தியதும் பொது நாட்கள் நான்காகிவிட்டன. வெள்ளித் தொழுகைக்கு ஒரு குறைவும் வரவில்லை. இரண்டாவது நாள் மதக் கட்டளை அல்ல என்பதால்தான் இது முடிந்தது.

துபாய் மட்டும் ஏன் சனி, ஞாயிறுக்குப் போனது?

துபாய் மட்டுமல்ல, ஐக்கிய அரபு அமீரகத்தின் கூட்டாட்சி அரசே 2022 ஜனவரி 1 முதல் அப்படி மாறியது. வெள்ளி அரை நாள் வேலை, சனி, ஞாயிறு விடுமுறை. அரசு அலுவலக நேரம் திங்கள் முதல் வியாழன் வரை காலை 7:30 முதல் பிற்பகல் 3:30 வரை, வெள்ளி 7:30 முதல் நண்பகல் 12 வரை என்று அறிவித்தார்கள். வெள்ளித் தொழுகையை 1:15க்கு வைத்து, அலுவலகம் முடித்துவிட்டுப் போக வழி செய்தார்கள். உலகச் சந்தைகளோடு ஒத்துப்போவதுதான் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

சென்னைக்கு இது நல்ல மாற்றம். துபாய் நண்பகல் என்பது நமக்கு மதியம் 1:30. எனவே வெள்ளிக்கிழமை காலை 9 முதல் 1:30 வரை துபாய் அரசு அலுவலகங்களோடு பேசலாம். அதற்கு மேல் கூட்டம் வைக்காதீர்கள்.

ஆனால் அமீரகம் இதில் ஒன்றை இழந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அண்டை நாடான சவுதியோடு ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள், இப்போது திங்கள் முதல் வியாழன் வரைதான் ஒத்துப்போகிறார்கள். துபாயில் வட்டாரத் தலைமையகமும் ரியாதில் கிளையும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இது புதுச் சிக்கல். இன்னொன்று, ஷார்ஜா தன் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை விட்டது. துபாயிலிருந்து காரில் அரை மணி நேரம், வாரம் வேறு.

அப்படியென்றால் ஒரே நாட்டுக்குள்ளும் மாறுமா?

மாறும். மலேசியாதான் சரியான உதாரணம். கோலாலம்பூர், பினாங்கு, பேராக்கில் சனி, ஞாயிறு. கெடா, கிளந்தான், திரங்கானுவில் வெள்ளி, சனி. ஜொகூர் 2014இல் வெள்ளி, சனிக்கு மாறி, 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டது. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர், அங்கே சனி, ஞாயிறு. பெற்றோர் சிங்கப்பூரிலோ தனியார் நிறுவனத்திலோ வேலை பார்த்து, பிள்ளைகள் ஜொகூர் பள்ளியில் படித்தால், ஞாயிறு பிள்ளைக்குப் பள்ளி, வெள்ளி பெற்றோருக்கு வேலை. அந்த 11 ஆண்டுகள் பல குடும்பங்களுக்கு முழுசாகச் சேர்ந்து கிடைத்தது சனி ஒன்றுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புருணையில் அரசு விடுமுறை வெள்ளியும் ஞாயிறும், நடுவில் சனிக்கிழமை வேலை. நேபாளத்தில் நெடுங்காலமாகச் சனிக்கிழமைதான் விடுமுறையாக இருந்தது. 2022 மே மாதம் ஞாயிறையும் சேர்த்துப் பார்த்துவிட்டு அடுத்த மாதமே கைவிட்டார்கள்.

இலங்கையில் ஒரு காலத்தில் ஞாயிறே கிடையாது என்று அப்பா சொல்கிறார். உண்மையா?

உண்மை. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறை. டட்லி சேனநாயக்கவின் அரசு கொண்டுவந்த ஏற்பாடு அது. பௌர்ணமி, அமாவாசை, அவற்றுக்கு இடைப்பட்ட இரண்டு அரைநிலா நாட்கள் என மாதத்துக்கு நான்கு போயா. பௌத்தருக்கு அவை நோன்பு நாட்கள்.

சிக்கல் நிலாவின் கணக்கில் இருந்தது. நிலா ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 29.5 நாள். அதை நான்காகப் பிரித்தால் 7 நாளுக்குக் கொஞ்சம் அதிகம் வரும். ஆகவே ஒரு விடுமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே சில சமயம் ஏழு நாள், சில சமயம் எட்டு நாள். இந்த வாரம் புதன்கிழமை வந்த விடுமுறை சில வாரங்களில் வெள்ளிக்கு நகர்ந்துவிடும். வெள்ளி, சனி விடுமுறை உள்ள நாட்டோடு வேலை செய்வது எளிது, ஏனென்றால் அந்த வித்தியாசம் எல்லா வாரமும் ஒரே மாதிரி இருக்கும். நகர்ந்துகொண்டே போகிற விடுமுறையோடு கப்பலும் வங்கியும் ஏற்றுமதியும் நடத்துவது பெரும்பாடு. 1971இல் சனி, ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் இன்றுவரை பொது விடுமுறையாக இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். ரியாதோடு வாரத்தில் எத்தனை நாள் சேர்ந்து வேலை செய்ய முடியும்?

நீங்கள் சனி, ஞாயிறு விடுமுறை என்றால் திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள். நேரத்தையும் பார்த்துவிடுங்கள். சென்னை ரியாதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அவர்களின் காலை 9 நமக்கு 11:30, அவர்களின் மாலை 4 நமக்கு 6:30. அந்த ஏழு மணி நேரத்தில் அவர்களுடைய நண்பகல் தொழுகையும் மதிய உணவும் நமக்கு 2:15 முதல் 3:30 வரை போய்விடும். நான் கூட்டம் வைப்பது நம் நேரம் 12 மணிக்கு. இரண்டு பக்கமும் தெளிவாக இருக்கும் நேரம் அது. லண்டனும் சேர வேண்டுமானால் அது சரிப்படாது. லண்டன் காலை 9 என்பது கோடையில் நமக்கு 1:30, குளிர்காலத்தில் 2:30. மூவரும் சேரும் கூட்டத்தை 3:30க்கு மேல் வையுங்கள்.

தினசரிக் கூட்டத்துக்கான அழைப்பை “எல்லா வேலைநாளும்” என்று போடாதீர்கள். நாட்காட்டி மென்பொருள் உங்கள் அமைப்பின்படி திங்கள் முதல் வெள்ளி வரை என்று எடுத்துக்கொண்டு, ரியாத்காரர்களுக்கு ஒவ்வொரு வெள்ளியும் அழைப்பு மணி அடிக்கும். நாட்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். நாட்காட்டிக் கோப்பை நேரடியாக எழுதுகிறவர்களுக்கு:

```
RRULE:FREQ=WEEKLY;BYDAY=MO,TU,WE,TH
```

நாங்கள் தாமதிப்பதில்லை, அவர்களும் தாமதிப்பதில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம் தீர நாலு நாள் ஆகிறது. ஏன்?

நீங்கள் அதை வியாழன் மாலை அனுப்பியிருப்பீர்கள். வியாழன் மாலை 6 மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு சந்தேகம் போகிறது என்று வையுங்கள். ரியாதில் அப்போது 3:30, வாரத்தின் கடைசி அரை மணி நேரம். பார்த்தவர் ஞாயிறு காலை பதில் எழுதலாம் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார். சொன்னபடி ஞாயிறு காலை 9 மணிக்கே எழுதியும் விடுகிறார். அன்று நமக்கு விடுமுறை. திங்கள் காலை அலுவலகம் வந்து பதிலைப் பார்க்கிறீர்கள். அவர் எடுத்துக்கொண்டது அரை மணி வேலை நேரம்தான், ஆனால் மூன்றரை நாள் போய்விட்டது. பதிலில் ஒரு எதிர்க்கேள்வி இருந்தால் செவ்வாய்.

அதே சந்தேகத்தைப் புதன் மாலை அனுப்பியிருந்தால் வியாழன் மதியத்துக்குள் பதில் வந்திருக்கும், எதிர்க்கேள்விக்கும் அன்றே இடம் இருந்திருக்கும். ஆகவே கேள்வி கேட்பதற்கான வாரம் புதனோடு முடிகிறது என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வியாழன் காலை முதல் வேலையாக, “வெள்ளிக்கிழமை தனியாக உட்கார்ந்து வேலை செய்ய எனக்கு எல்லாம் கையில் இருக்கிறதா” என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. வெள்ளி நாம் மட்டும், ஞாயிறு அவர்கள் மட்டும் வேலை செய்கிறோம். வியாழன் வரை பேசி முடித்ததை வெள்ளிக்கிழமை யாரும் குறுக்கிடாமல் கட்டி முடித்து, மாலையில் சோதனைத் தளத்தில் ஏற்றி வைத்தால், ஞாயிறு முழுவதும் அவர்கள் சோதித்துப் பார்க்கலாம். திங்கள் காலை பிழைப் பட்டியல் தயாராக இருக்கும். பொதுவாக இல்லாத இந்த இரண்டு நாளையும் இழப்பாகப் பார்க்காமல் கைமாற்றும் நாட்களாக வைத்துக்கொண்டால், இரண்டு ஊரும் சேர்ந்து வாரத்துக்கு ஆறு நாள் வேலை நடக்கிறது, ஒருவர்கூட ஆறு நாள் வேலை செய்யாமலே.

ஒப்பந்தத்தில் “6 வேலை நாட்களுக்குள்” என்று இருக்கிறது. யாருடைய வேலை நாள்?

ஒப்பந்தம் சொல்லவில்லை என்றால் சண்டைதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2026 ஜூலை 2, வியாழக்கிழமை ஆவணம் கைமாறுகிறது. மறுநாளிலிருந்து 6 வேலை நாட்கள்.

சென்னைக் கணக்கில் ஜூலை 3 வெள்ளி முதல் நாள். சனி, ஞாயிறு தவிர்த்து 6, 7, 8, 9 என்று ஐந்து ஆகிறது. ஆறாவது நாள் ஜூலை 10, வெள்ளி.

ரியாத் கணக்கில் முதல் நாளே ஜூலை 5, ஞாயிறு. வியாழன் 9ஆம் தேதியோடு ஐந்து ஆகிறது. வெள்ளி, சனி தவிர்த்தால் ஆறாவது நாள் ஜூலை 12, ஞாயிறு.

இருவருக்கும் வேலை இருக்கும் நாளை மட்டும் எண்ணினால் 6, 7, 8, 9, பிறகு 13, 14. கெடு ஜூலை 14, செவ்வாய்.

ஒரே வாசகம், மூன்று தேதிகள், நான்கு நாள் வித்தியாசம். சென்னை நிறுவனத்துக்கு சனிக்கிழமையும் வேலை என்றால் ஜூலை 9 என்று நான்காவது தேதியும் வரும். தாமதத்துக்கு நாள் கணக்கில் அபராதம் போடுகிற ஒப்பந்தமாக இருந்தால் இது நேரடியாகப் பணம். இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது: இதே கணக்கை 5 நாளுக்கோ 7 நாளுக்கோ போட்டால் சென்னைக்கும் ரியாதுக்கும் ஒரே தேதி வரும். அதனால் சில முறை எல்லாம் சரியாக நடந்து, ஒருநாள் திடீரென்று தகராறு வரும்போது யாருக்கும் காரணம் புரியாது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது இதுதான்: “வேலை நாள் என்பது சென்னையிலும் ரியாதிலும் வங்கிகள் பொதுவாகத் திறந்திருக்கும் நாள்.” அதோடு, முக்கியமான கெடுக்களுக்கு நாள் எண்ணிக்கை வேண்டாம், தேதியையே எழுதுங்கள்: “14 ஜூலை 2026, செவ்வாய், ரியாத் நேரம் மாலை 3 மணிக்குள்.” தேதியும் கிழமையும் சேர்ந்திருந்தால் ஒன்றில் எழுத்துப் பிழை வந்தாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். “வார இறுதிக்குள்”, “அடுத்த வாரம் முதல் நாள்” போன்ற சொற்களை அறவே விட்டுவிடுங்கள். முதலாவது அவர்களுக்கு வியாழன், நமக்கு வெள்ளி. இரண்டாவது அவர்களுக்கு ஞாயிறு, நமக்குத் திங்கள்.

எக்செல் இதை எண்ணிக் கொடுக்குமா?

கொடுக்கும், ஆனால் `WORKDAY` என்ற பழைய சார்பு உதவாது. அது எப்போதும் சனி, ஞாயிறு விடுமுறை என்றே எண்ணும். `WORKDAY.INTL` பயன்படுத்துங்கள். மேலே போட்ட மூன்று கணக்கும் இப்படி:

```
=WORKDAY.INTL(DATE(2026,7,2),6,1)
=WORKDAY.INTL(DATE(2026,7,2),6,7)
=WORKDAY.INTL(DATE(2026,7,2),6,"0000111")
```

முதல் வரியில் 1 என்பது சனி, ஞாயிறு. இரண்டாவதில் 7 என்பது வெள்ளி, சனி. மூன்றாவதில் வருவது திங்கட்கிழமையில் தொடங்கும் ஏழு இலக்கங்கள். 1 என்று இருக்கும் நாள் விடுமுறை, எனவே வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் விலகிவிடும். பொது வேலைநாளுக்கு இந்த மூன்றாவதுதான் வேண்டும். நான்காவது இடத்தில் இரு நாட்டுப் பண்டிகை விடுமுறைகள் இருக்கும் கலங்களைக் கொடுத்தால் அவற்றையும் தவிர்த்துக்கொள்ளும். விடை வெறும் எண்ணாகத் தெரிந்தால் கலத்தின் வடிவத்தைத் தேதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் மென்பொருள் நாட்டை வைத்துத் தானாகவே விடுமுறையைக் கண்டுபிடிக்கிறதே, அது போதாதா?

தொடக்கத்துக்குப் போதும், நம்புவதற்குப் போதாது. நிரல்மொழிகள் பலவும் யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் சி.எல்.டி.ஆர். தரவிலிருந்து இதை எடுக்கின்றன. அதில் நாட்டுக்கு ஒரு பதிவுதான். சவுதிக்கு வெள்ளி, சனி என்று இருக்கும், சரி. இந்தியாவுக்கு ஞாயிறு மட்டும் என்று இருக்கும். உங்கள் அலுவலகம் சனிக்கிழமை மூடியிருந்தால் அது உங்களுக்குத் தவறான பதில். துபாயும் ஷார்ஜாவும் ஒரே நாட்டுக் குறியீட்டில் வருகின்றன, கெடாவும் கோலாலம்பூரும் அப்படியே.

சர்வரைப் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காமல் ஓட்டுகிற இடங்களில், 2022க்கு முந்தைய தரவே இருந்து, அமீரகத்துக்கு இன்னும் வெள்ளி, சனி என்று காட்டலாம். கண்டுபிடிக்கும் வழி எளிது: ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையை துபாய்க்கு வேலைநாளா என்று கேட்டுப் பாருங்கள். “ஆம்” என்று வந்தால் தரவு பழையது. நிலையான தீர்வு, நாட்டுக்குப் பதில் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு விடுமுறைப் பட்டியல் வைப்பது, அதில் “எந்தத் தேதியிலிருந்து” என்ற புலத்தையும் சேர்ப்பது. இல்லாவிட்டால் ஜொகூர்போல ஓர் இடம் மாறும்போது, புது விதியைப் போட்டதும் பழைய ஆண்டுகளின் வருகைப் பதிவும் சேர்ந்து மாறிப்போகும்.

மாதக் கடைசியில் பணம் வர வேண்டும். வெள்ளிக்கிழமை விழுந்தால் என்ன ஆகும்?

2026 ஜூலை 31 அப்படித்தான் விழுகிறது. டாலரில் பில் போட்டிருக்கிறீர்கள், கெடு 31ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். அன்று ரியாத் வங்கி மூடியிருக்கும். சனியும் மூடியிருக்கும். ஞாயிறு, ஆகஸ்ட் 2 அன்று ரியாத் வங்கி திறந்துவிடும், வாடிக்கையாளரும் “அனுப்பிவிட்டோம்” என்று ரசீது காட்டுவார். ஆனால் டாலர் அமெரிக்க வங்கிகள் வழியாகத்தான் போயாக வேண்டும், அங்கே ஞாயிறு விடுமுறை. திங்கள் நியூயார்க் திறந்த பிறகுதான் பணம் நகரும். அப்போது நமக்கு மாலை. உங்கள் கணக்கில் செவ்வாய்க்கிழமை பார்ப்பதற்கே வாய்ப்பு அதிகம். 31ஆம் தேதி சம்பளம் போட இந்தப் பணத்தை நம்பியிருந்தால் கஷ்டம்.

டாலரைப் பொறுத்தவரை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சவுதியிலிருந்து பணம் நகராது என்றே கணக்கு வையுங்கள். பில்லில் “கெடு விடுமுறையில் விழுந்தால் அதற்கு முந்தைய பொது வேலைநாள்” என்று ஒரு வரி சேர்த்தால் கெடு ஜூலை 30, வியாழன் ஆகிவிடும். ரியாத் பிற்பகல் 3 மணிக்கு நியூயார்க்கில் கோடையில் காலை 8. அன்றைக்கே அனுப்பும் அவகாசம் இருக்கிறது. அதைவிடப் பாதுகாப்பாக, கெடுவையே ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதி என்று வைத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தளம் படுத்துவிட்டால் யார் பார்ப்பது?

இதற்கு ஆள் வைத்தே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பை உண்மைத் தளத்தில் ஏற்றினால் அன்றைக்கு எதுவும் தெரியாது, பயன்படுத்த ஆளே இல்லை. ஞாயிறு ரியாத் நேரம் காலை 8 மணிக்கு, நமக்கு 10:30க்கு, எல்லோரும் ஒரே சமயத்தில் உள்ளே வருவார்கள். பிழை அப்போதுதான் வெளியே வரும், நாம் வீட்டில் இருப்போம். ஆகவே சோதனைத் தளத்துக்கு வெள்ளி நல்ல நாள், உண்மைத் தளத்துக்கு ஆகாத நாள். திங்கள் அல்லது செவ்வாய் ஏற்றுங்கள், பார்த்துத் திருத்த இரண்டு மூன்று பொது நாட்கள் மிச்சமிருக்கும்.

ஞாயிறு முறைவேலைக்கு, குழுவில் இருவரை முழுக்க ஞாயிறு முதல் வியாழன் வாரத்துக்கு மாற்றுவதே நியாயமான வழி. மாதம் ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளலாம். “தேவைப்பட்டால் போன் செய்வோம்” என்று எல்லோரையும் பாதி ஓய்வில் வைப்பது, யாருக்கும் விடுமுறை தராமல் ஏழு நாள் வேலை வாங்குவதாகும். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மாறிய ஆளின் வெள்ளிக்கிழமையை மதித்து, அன்று சென்னைக் குழுவும் அவரைக் கூப்பிடக் கூடாது.

கணவர் ரியாதில், பிள்ளைகள் திருச்சியில். பேச ஏற்ற நாள் எது?

அவருக்கு வெள்ளி, சனி விடுமுறை என்றால் சனிக்கிழமைதான், பள்ளிக்கும் அன்று விடுமுறை இருந்தால். வியாழன், வெள்ளி விடுமுறையாக இருந்த பழைய காலத்தில் அந்த ஒரு நாளும் கிடையாது. வெள்ளி மட்டும் விடுமுறை உள்ளவர் என்றால் வெள்ளி மாலை பள்ளி விட்டு வந்ததும் பேசுங்கள். நமக்கு 5:30 என்பது அவருக்கு 3, தொழுகையும் சாப்பாடும் முடிந்து அறையில் இருக்கும் நேரம்.

வார விடுமுறையை மட்டும் கவனித்தால் போதுமா?

ரமலானையும் கவனியுங்கள். அந்த மாதம் முழுவதும் சவுதியில் முஸ்லிம் பணியாளர்களுக்கு நாளுக்கு ஆறு மணி நேரம்தான் வேலை என்பது சட்டம். அலுவலகம் திறக்கும் நேரமும் மாறும். நீங்கள் வழக்கமாக வைக்கும் 12 மணிக் கூட்டத்துக்கு ரியாதில் அப்போது 9:30. பல அலுவலகங்கள் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். ரமலான் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னால் நகர்வதால் போன ஆண்டின் நாட்காட்டியை நகலெடுக்க முடியாது. பெருநாள் தேதி பிறையைப் பொறுத்தது, ஒரு நாள் முன்பின் ஆகும். எனவே பெருநாளை ஒட்டிய இரண்டு வாரங்களில் கெடு எதுவும் வைக்காதீர்கள். ரமலான் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே அவர்களின் அலுவலக நேரத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, அந்த மாதக் கூட்டங்களைத் தனியாகப் போட்டுவிடுங்கள்.